அடியில் ஐந்து பெயர்கள்

மனு மூன்று பக்கம். அதில் கிதர் முகம்மதுவைப் பற்றி ஒரு பக்கம்தான். மீதி இரண்டு பக்கமும் ஊர்ப் பெரிய மனிதர்களைப் பற்றி.

கமர்ஜஹான் எட்டாவது வரை படித்தவள். இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் தெரியும். ஆனாலும் கடைசித் தாளைப் பார்த்ததுமே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு ஐந்து பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் பட்டம், பின்னால் விலாசம். முதல் பெயருக்கு மட்டும் அடியில் கோடு.

"இது என்ன மச்சான், மனுவா, கல்யாணப் பத்திரிகையா?"

"உனக்கு என்ன தெரியும்? இதுக்கு ரெபரன்ஸுன்னு பேரு. நம்மளப் பத்தி நாலு பெரிய மனுசங்க சொல்லுவாங்கன்னு காட்டுறது."

"அஞ்சு பேருல்ல இருக்கு?"

"நாலு பேரப் போட்டு ஒருத்தர விட்டா அவரு கோவிச்சுக்க மாட்டாரா?"

இதுதான் கிதர் முகம்மது. முப்பது வயது. எஸ்.எஸ்.எல்.சி. பாஸ். பேகம்பூரில் இங்கிலீஷில் கடிதம் எழுத அவனை விட்டால் ஆள் இல்லை. எழுத்து முத்து முத்தாக இருக்கும். அந்த முத்துகளைக் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு நடப்பவன் போலத்தான் தெருவில் நடப்பான்.

அவனுக்கு வேலை அப்துல் ஜப்பார் ராவுத்தரின் தோல் மண்டியில். அய்யலூர்ச் சந்தையிலிருந்து வரும் ஆட்டுத்தோலுக்குக் கணக்கு எழுத வேண்டும், மெட்ராசுக்குக் கடிதம் எழுத வேண்டும், முதலாளிக்கு வரும் தபாலைப் படித்துச் சொல்ல வேண்டும். முதலாளி கமர்ஜஹானுக்குப் பெரியத்தா, அவள் அத்தாவுக்கு அண்ணன். அதனால் சம்பளம் என்ற சொல்லே அந்த வீட்டில் கிடையாது. 'செலவுக்குக் கொடுக்கிறது' என்பார்கள். செலவுக்குக் கொடுப்பதற்கு ஈடாக கமர்ஜஹான் விடிந்ததும் பெரியம்மா குர்ஷித் பேகத்தின் அடுப்படிக்குப் போய்விட வேண்டும். அங்கே அரைத்து, ஆக்கி, கழுவி வைத்த பிறகு ஒரு சட்டியில் வெஞ்சனம் வாங்கிக்கொண்டு வரலாம். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் தன் வீட்டு அடுப்பைப் பற்றவைத்தது காய்ச்சலுக்குக் கஞ்சி வைக்க மட்டும்தான்.

அதனால்தான் தமிழ்ப் பத்திரிகையில் அந்த விளம்பரம் வந்ததும் அவள் அதை வெட்டி எடுத்து வைத்துக்கொண்டாள். மெட்ராசில் பெரிய தோல் கம்பெனிக்குக் கணக்கர் வேண்டும். தோல் வியாபாரம் தெரிந்திருக்க வேண்டும். கைப்பட எழுதிய மனுவோடு வயது, படிப்பு, அனுபவம், எதிர்பார்க்கும் சம்பளம், சான்றிதழ் நகல் அனுப்ப வேண்டும். அவ்வளவுதான். அவள் அதை நாலு தடவை படித்திருந்தாள்.

"அவங்க கேட்டதுல பேரு எங்க இருக்கு? இந்தாங்க, விளம்பரம். காட்டுங்க பாப்போம்."

"கேக்காட்டியும் போடணும் கமரு. அதான் மரியாதை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் சோலைமலை எத்தனை மனு அடிச்சுக் கொடுத்திருக்கார்! அவரே சொல்றாரு, அடியில பெரிய பேரு இல்லாத மனுவ எவனும் தொட மாட்டான்னு."

"அவரு பக்கத்துக்கு இம்புட்டுன்னு காசு வாங்குறவரு. பக்கம் கூடுனா அவருக்கு நல்லதுதானே."

"இது கைப்பட எழுதுனது. அவருக்கு என்ன லாபம்?"

"அப்ப ஓசியில கெடுத்திருக்காரு."

அவன் முறைத்தான். அவள் விடவில்லை. விரலால் முதல் பெயரைத் தொட்டாள்.

"இது பெரியத்தா பேருதானே? அவரு கிட்ட வேல பாத்துக்கிட்டே, அவரு கிட்ட இருந்து ஓடப்போறேன்னு அவரு பேரயே போடுறீங்களே. அந்தக் கம்பெனிக்காரன் இவரு எப்படிப்பட்ட ஆளுன்னு அவருக்கே எழுதிக் கேட்டா?"

"இண்டர்வியூ முடிஞ்சு, வேல உறுதியான பெறகுதான் கேப்பான்."

"பேரக் கையில கொடுத்துட்டு, இப்பக் கேளு, அப்பக் கேளுன்னு நம்ம சொல்ல முடியுமா? வச்சிருந்து, அவன் கேக்கும்போது கொடுத்தா நம்ம இஷ்டம். இப்பவே கொடுத்தா அவன் இஷ்டம்."

"தோல் கம்பெனிக்காரனுக்கு மாமுவத் தெரியாமலா இருக்கும்? அவரு பேர விட்டுட்டேன்னு நாளைக்கு அவரு காதுல விழுந்தா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவரு முன்னால நிப்பேன்?"

கமர்ஜஹானுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. ஓடிப்போவதைப் பற்றி அவனுக்குக் கூச்சமில்லை. ஓடும்போது சலாம் சொல்லாமல் ஓடிவிட்டதாக யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதுதான் கவலை.

இரண்டாவது பெயர் நூர் முகமது. எதிர்த்த தோல் மண்டிக்காரர். மூன்றாவது ஜமாஅத் தலைவர். நான்காவது, ஒரு தடவை ஜெயித்து இரண்டு தடவை தோற்ற கவுன்சிலர். ஐந்தாவது அத்தர் கடை மாமு. அவருக்கும் கணக்கர் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டதற்கு, "அவரு மனசு கஷ்டப்படும்" என்றான்.

"இவங்க கிட்டல்லாம் கேட்டுட்டீங்களா?"

"பேரு போடுறதுக்குக் கேக்கணுமா? சந்தோசந்தானே படுவாங்க!"

மனு தபாலில் போயிற்று. தபால்தலையைக் கூட அவன் நேராக இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்து ஒட்டினான்.

பெரியத்தா வீட்டு முன்கட்டுதான் மண்டிக்கு ஆபீஸ். மதியம் லுஹர் தொழுகை முடிந்து சாப்பிட்டதும் அவர் சாய்வு நாற்காலியில் விழுவார். கிதர் முகம்மது அன்றைய தபாலைப் பிரித்து ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்வான். நடுவில் ஒரு பச்சைத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் கமர்ஜஹான் மசாலா அரைப்பாள். தோல் விலை ஏறியதும் இறங்கியதும் அம்மிச் சத்தத்துக்கு நடுவே அவள் காதிலும் விழும்.

அன்று அவன் குரல் நடுவில் நின்றுவிட்டது. அவள் குழவியை நிறுத்தினாள்.

"என்னப்பா மாப்ள, தொண்டையில முள்ளு சிக்கிக்கிச்சா? யாரு எழுதியிருக்கா?"

"மெட்ராஸ்ல இருந்து மாமு. சும்மா... விலை விசாரிச்சிருக்காங்க."

"என்ன விலைக்குக் கேக்குறான்?"

"விலை... போடல மாமு."

"விலை போடாம என்னய்யா விசாரணை? ஏ பாரூக்கு, நீ வாங்கிப் பாரு."

முகமது பாரூக் என்பவன் பெரியம்மாவின் தம்பி மகன். எஸ்.எஸ்.எல்.சி.யில் இரண்டு தடவை கவிழ்ந்தவன். வேலையில்லாமல் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெரியத்தாவுக்கு விசிறிக்கொண்டிருப்பதே வேலை. அவன் கடிதத்தை வாங்கி, தடுக்கித் தடுக்கி, ஆனால் ஒரு வரி விடாமல் படித்துச் சொல்லிவிட்டான். 'தங்கள் ஊர் கிதர் முகம்மது என்பவர் எங்களிடம் வேலைக்கு மனுச் செய்திருக்கிறார். தங்கள் பெயரைக் கொடுத்திருக்கிறார். அவருடைய நடத்தை, வேலைத் திறமை பற்றி ரகசியமாகத் தெரிவிக்கவும்.'

ரகசியம் முன்கட்டு முழுவதும் கேட்டது. கமர்ஜஹான் திரையின் ஓரத்தை விலக்கிப் பார்த்தாள். புருஷன் முகம் வெளுத்த துணி மாதிரி இருந்தது. இப்போது பெரியத்தா எழுந்து கத்துவார், நன்றி கெட்டவனே என்பார், என்று அவள் காத்திருந்தாள்.

பெரியத்தா கத்தவில்லை. மீசையைத் தடவினார்.

"அம்புட்டு தூரத்துல இருந்து எங்கிட்டக் கேக்குறான். ம்... உறையில என் பேரு எப்படிப் போட்டிருக்கு?"

"மிஸ்டர் அப்துல் ஜப்பார்னு இருக்கு மாமா" என்றான் பாரூக்.

"ஹாஜி போடலியா?"

"இல்ல."

"ஏன் மாப்ள, நீ போடலியா, அவன் போடலியா?"

"நான் போட்டேன் மாமு! அல்லா மேல சத்தியமா போட்டேன். அடியில கோடு கூடப் போட்டேன்."

"என் பேரு மட்டுந்தானா?"

இந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். ஆனால் தப்பித்த சந்தோஷத்தில் கிதர் முகம்மது ஐந்து பெயரையும் வரிசையாகச் சொன்னான். நீங்கள்தான் முதல் மாமு என்று அழுத்திச் சொன்னான்.

நூர் முகமது பெயர் வந்ததும்தான் பெரியத்தா எழுந்தார். தம்பி மகளின் புருஷன் தன்னை விட்டுப் போவது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. நேற்று வந்த நூர் முகமதுவைத் தனக்கு அடுத்த வரியில் உட்கார வைத்ததுதான் தாங்கவில்லை. கால் மணி நேரம் அதைப் பற்றியே பேசினார். பிறகு நாற்காலியில் விழுந்து, "சரி, பதில் எழுது" என்றார்.

"யாரு மாமு, நானா?"

"பின்ன, பாரூக்கா எழுதுவான்? அவன் எழுதுனா அவனுக்கே புரியாது. எழுது. பையன் யோக்கியன். தொழுகையாளி. கணக்குல கை சுத்தம். ஆனா எனக்கு இங்க தேவைப்படுது. கம்பெனிக்கு ஆள் வேணும்னா என் மச்சினன் மகன் ஒருத்தன் இருக்கான், அவன அனுப்புறேன். போட்டியா? கீழ ஹாஜின்னு போடு. நான் கையெழுத்துப் போடுறேன்."

கிதர் முகம்மது எழுதினான். தன்னைப் பற்றி, தன் கையால், முத்து முத்தாக.

அது ஒன்றோடு போயிருந்தாலும் பரவாயில்லை. மறுநாளிலிருந்து மற்ற நான்கு பெரிய மனிதர்களும் ஆளுக்கொரு கடிதத்தோடு கமர்ஜஹான் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். இங்கிலீஷ் கடிதம் வந்தால் பேகம்பூரில் யாரிடம் போவார்கள்?

அத்தர் கடை மாமு கடிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "கோர்ட்டு சம்மனா தம்பி?" என்று நடுங்கினார். கவுன்சிலர் தன் ரப்பர் ஸ்டாம்பைக் கையோடு கொண்டுவந்திருந்தார். பதவி போய் நாலு வருஷம் ஆகியும் ஸ்டாம்பு போகவில்லை. இவனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும் என்று எழுதச் சொல்லிவிட்டு, "ஒங்க அத்தா பேரு என்னப்பா?" என்று கேட்டார். ஜமாஅத் தலைவர் தன் மருமகனுக்கும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். நூர் முகமது, ஜப்பார் என்ன எழுதச் சொன்னார் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு மேல் இரண்டு வரி கூடுதலாக எழுதச் சொன்னார். தன் தம்பி மகனும் கணக்கில் கெட்டி என்பது அந்த இரண்டு வரியில் ஒன்று.

எல்லாவற்றையும் கிதர் முகம்மது எழுதினான். தனக்குப் போட்டியாக மூன்று பேரை ஒரு சொல் குறையாமல் சிபாரிசு செய்து எழுதினான். எழுதி முடித்து, மை காய ஊதி, கமர்ஜஹானிடம் தூக்கிக் காட்டினான்.

"எப்படி இருக்கு?"

"எல்லாம் ஒரே மாதிரி இருக்கு."

"அதான் என் கையி!"

"அதத்தான் சொல்றேன். மனுவும் உங்க கையி, இதுவும் உங்க கையி. கைப்பட எழுதச் சொன்னவன் எழுத்தப் பாக்கத்தானே சொல்லியிருப்பான்? சோலைமலை கிட்டக் கொடுத்து டைப்பாவது அடிச்சுக்கிட்டு வாங்க மச்சான்."

"போடி. உள்ள இருக்குற விஷயத்தப் பாப்பானா, எழுத்த உக்காந்து ஒத்துப் பாப்பானா? அவனுக்கு வேற சோலி இல்லையா?"

அவனுக்கு வேறு சோலி இருந்திருக்கலாம். ஆனாலும் பார்த்துவிட்டான். மெட்ராசிலிருந்து பதில் நாலு வரியில் வந்தது. ஐந்து பேரிடமிருந்து வந்த நற்சான்றுகளும் மனுதாரரின் கையெழுத்திலேயே இருப்பதால் அவருடைய மனுவைக் கவனிப்பதற்கில்லை. அவ்வளவுதான். நேரில் கூப்பிட்டிருந்தால் ஒரு வார்த்தை விளக்கிச் சொல்லியிருக்கலாம். கூப்பிடுவதற்கு முன்னாலேயே அவன் பொய்க் கையெழுத்துக்காரன் ஆகிவிட்டான்.

"நான் என்ன பொய்யா எழுதுனேன்? அவங்க சொன்னதத்தானே எழுதுனேன்!" என்று அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். கமர்ஜஹானுக்குச் சொல்ல நிறைய இருந்தது. அழுதுகொண்டிருப்பவனிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அந்த வாரமே பெரியத்தா கூப்பிட்டுவிட்டார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கூடத் தேவலை.

"மாப்ள, போகணும்னு நெனைக்கிற ஆளு கையில பெட்டிச் சாவி இருக்கக் கூடாதுப்பா. அது எனக்கும் சங்கடம், ஒனக்கும் சங்கடம். பாரூக்கு பழகிக்கிறட்டும். நீ கொஞ்ச நாள் வீட்ல இரு."

பெரியம்மா மட்டும் கமர்ஜஹானைப் பார்த்து, "நீ வழக்கம் போல வந்துரும்மா. அவனுக்குத்தானே வேல இல்ல" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கமர்ஜஹான் முந்தானையை உதறிக்கொண்டு வெளியே வந்தாள். அன்றைக்குத் தன் வீட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். அரிசி கடன் வாங்கியதுதான். ஆனாலும் புகை அவள் வீட்டுப் புகை.

கொடைரோட்டில் ஒரு பழக் கம்பெனி இருந்தது. மலையிலிருந்து லாரியில் இறங்கும் பேரிக்காயையும் பிளம்ஸையும் கூடையில் அடைத்து ரயிலேற்றி அனுப்புகிற கம்பெனி. அங்கே கணக்கர் வேண்டும் என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். கமர்ஜஹான் விளம்பரத்தை விரல் வைத்துப் படித்தாள். இதிலும் யார் பெயரும் கேட்கவில்லை.

"எழுதுங்க. ஒரே தாளு. உங்க பேரு, உங்க படிப்பு, உங்க வேல. கீழ கையெழுத்து. அதுக்குக் கீழ ஒண்ணும் கிடையாது."

"அவன் கேட்டிருந்தா?"

"கேட்டிருந்தா போடணும். கேட்டும் போடலைன்னா தூக்கிப் போட்டுருவான். இதுல கேக்கல."

"ரெபரன்ஸே இல்லாம..."

"இல்லாம யாரு சொன்னா? சட்டப் பையில வச்சுக்கிட்டுப் போங்க. கூப்பிட்டு உக்கார வச்சு, பேசிப் பாத்து, அவனுக்குப் பிடிச்சா அவனே கேப்பான். அப்ப எடுத்துக் கொடுங்க. ரெண்டு பேரு போதும். உங்க வேலயப் பாத்தவங்களா இருக்கணும். தொழுகையப் பாத்தவங்க வேணாம். சொந்தமா எழுதத் தெரிஞ்சவங்களா இருக்கணும், அதையும் சொல்லிட்டேன். முன்னாடியே போய்க் கேட்டுக்கிட்டு வாங்க."

அவன் யோசித்து யோசித்து இரண்டு பேரைப் பிடித்தான். ஒருவர் திண்டுக்கல் ரயில்வே கூட்ஸ் ஆபீஸ் கிளார்க் செபஸ்தியான். ஆறு வருஷமாக இவன் கொண்டுவரும் தோல்கட்டுக் கணக்கைச் சரிபார்த்தவர். இன்னொருவர் மண்டியின் விற்பனை வரிக் கணக்கைப் பார்க்கும் ஆடிட்டர். இருவரும் தாராளமாகக் கேட்கச் சொல்லு என்றார்கள். இரண்டு பெயரும் கேட்பதற்கு அவ்வளவு சாதாரணமாக இருந்ததில் கிதர் முகம்மதுவுக்கு ஏகப்பட்ட வருத்தம்.

உறையை ஒட்டுவதற்கு முன் கமர்ஜஹான் தாளை வாங்கிப் பார்த்தாள். கையெழுத்துக்குக் கீழே, எறும்பு ஊர்ந்தது போலப் பொடி எழுத்தில் ஒரு வரி. கூட்டிப் படித்தாள். ஹாஜி என்பது வரை வந்ததும் நிமிர்ந்தாள்.

"இது என்ன?"

"ஒரே ஒரு பேருதான் கமரு... பழைய முதலாளின்னு சும்மா..."

அவள் தாளை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். வேறு தாளை அவன் முன்னால் வைத்து, அவன் எழுதி முடிக்கும் வரை தோளுக்குப் பின்னாலேயே நின்றாள்.

பழக் கம்பெனி மேனேஜர் ராயப்பராஜ் கூப்பிட்டனுப்பினார். போய்விட்டு வந்த கிதர் முகம்மது வாசலிலேயே நின்று கதை சொன்னான்.

"கூட்டல் போடச் சொன்னாரு, போட்டேன். பாதிச் சரக்கு அழுகிப் போனா எப்படி எழுதுவீருன்னாரு, சொன்னேன். முன்னால இருந்த எடத்த ஏன் விட்டீருன்னாரு."

"என்ன சொன்னீங்க?"

"உள்ளதச் சொன்னேன். அஞ்சு பேரு கதையும் சொன்னேன். மனுசன் கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் சிரிச்சாரு. மேசையத் தட்டித் தட்டிச் சிரிச்சாரு." அவன் முகம் தொங்கியது. பிறகு கொஞ்சம் நிமிர்ந்தது. "அப்புறந்தான், உம்ம வேலயப் பத்தி யாரக் கேக்கலாம்னாரு. பையில இருந்து எடுத்துக் கொடுத்தேன். செபஸ்தியான் பேரப் பாத்ததும், ஓ, இவரான்னாரு."

ராயப்பராஜ் செபஸ்தியானைக் கேட்டார். ஆடிட்டரையும் கேட்டார். பத்து நாளில் உத்தரவு வந்தது. சம்பளம் மெட்ராஸ் கம்பெனி கொடுத்திருக்கக் கூடியதை விடக் குறைவு. ஆனால் அதற்குச் சம்பளம் என்று பெயர். ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்றும் பிடித்தார்கள்.

குடிபோன மாதத்திலேயே பெரியத்தாவும் பெரியம்மாவும் ரயிலில் வந்து இறங்கினார்கள். பெரியத்தா ஒரு பழக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு, பேரிக்காயைக் கடித்தபடி கேட்டார்.

"அது கெடக்கட்டும் மாப்ள. இந்தக் கம்பெனிக்கு யாரு பேரக் கொடுத்த?"

கிதர் முகம்மது மனைவியைப் பார்த்தான். பிறகு மெல்லச் சொன்னான்.

"கூட்ஸ் கிளார்க்கா!" பெரியத்தாவுக்குப் பழம் தொண்டையில் இறங்கவில்லை. "ஒரு கிளார்க்கு பேரப் போட்டா கிளார்க்கு வேலதான் கொடுப்பான். என் பேர மொதல்ல போட்டிருந்தீன்னா மேனேஜராக்கியிருப்பான். சொந்தம் எதுக்கு இருக்கு?"

கிதர் முகம்மது தலையை ஆட்டத் தொடங்கினான். கமர்ஜஹான் பார்த்தாள். அந்தத் தலை அப்படியே ஆடிக்கொண்டிருந்தால் அடுத்த மனுவில் பத்துப் பெயர் வரும்.

"அதனாலென்ன பெரியத்தா" என்றாள். "இப்பத்தான் மேனேஜரு இன்னொரு ஆள் வேணும்னு சொல்லிக்கிட்டிருக்காரு. பாரூக்குக்கு மனுப் போடுங்க. உங்க பேரு, நூர் முகமது மாமு பேரு, எல்லாரு பேரையும் போடுங்க. ஹாஜி விட்டுறாதீங்க. பதிலெல்லாம் எழுதித் தர இங்க ஆளு இருக்கு."

பெரியத்தா கடித்த பேரிக்காயும் கையுமாக அவளைப் பார்த்தார். கேலியா, மரியாதையா என்று அவருக்குப் பிடிபடவில்லை. ஆனால் ஹாஜி என்ற சொல் காதில் இனித்தது.

"புள்ளைக்கு வெவரம் இருக்கு" என்றார் பெரியம்மாவிடம்.

கமர்ஜஹான் உள்ளே போய் அடுப்பில் ஒரு விறகைத் தள்ளினாள். விருந்தாளிகளுக்கு டீ போட வேண்டும். பெரியம்மா பின்னாலேயே வந்து அடுப்படியை நோட்டம் விட்டாள். சர்க்கரை டப்பாவைத் திறந்து பார்த்தாள். "இம்புட்டுண்டு அடுப்படியில எப்படித்தான் வேல செய்யிறியோ" என்று முகம் சுளித்தாள்.

"உக்காருங்க பெரியம்மா" என்றாள் கமர்ஜஹான், அம்மிக்குப் பக்கத்தில் மணையை எடுத்துப் போட்டு. "இஞ்சி கொஞ்சம் தட்டிக் கொடுங்க."